ஏழு துண்டும் ஒரு பையும்

மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கி வரிசை நிரப்பும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்ஸி பஜித்னோவ் அதை எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் எழுதினார். அந்தக் கணினிக்குப் படம் வரையத் தெரியாது, எழுத்துகளைத்தான் காட்டும். அதனால் ஒவ்வொரு சதுரத்தையும் ஓர் அடைப்புக்குறி ஜோடியால் காட்டினார். ஐந்து சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் பன்னிரண்டு வடிவங்களைக் கொண்ட பழைய புதிர்தான் அவருக்குத் தூண்டுதல். பன்னிரண்டும் ஓடும் விளையாட்டுக்கு அதிகம் என்று பட்டதால் நான்கு சதுரங்களுக்கு இறங்கினார். திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே வடிவமாக எண்ணினால், நான்கு சதுரங்களில் ஏழு வடிவங்கள் மட்டுமே கிடைக்கும்.

அந்த ஏழையும் அவற்றின் தோற்றத்தை ஒத்த ஆங்கில எழுத்தின் பெயரால் அழைப்பது வழக்கம். நேர்க்கோடாக நீளும் ஐ, சதுரமான ஓ, நடுவில் முளை வைத்த டி, படிக்கட்டுபோல வளைந்த எஸ், அதன் கண்ணாடிப் பிம்பமான இசட், கொக்கிபோல வளைந்த எல், அதன் கண்ணாடிப் பிம்பமான ஜே. ஆடுகளம் பத்துக் கட்டம் அகலமும் இருபது கட்டம் உயரமும் கொண்டது. கணினிக்கு இது இருபது வரிசைகளைக் கொண்ட ஓர் அட்டவணை. காலிக் கட்டத்தில் 0, நிரம்பிய கட்டத்தில் வேறோர் எண். விழுந்துகொண்டிருக்கும் துண்டு இந்த அட்டவணையில் இல்லை. அது தனியாக, ஒரு சிறு பெட்டியாகவும் அந்தப் பெட்டி எந்த வரிசையில், எந்த நிரலில் நிற்கிறது என்ற இரண்டு எண்களாகவும் வைக்கப்படுகிறது. கீழே உட்கார்ந்து உறைந்த பிறகுதான் அது அட்டவணைக்குள் எழுதப்படும்.

துண்டைத் திருப்புவது என்றால் அந்தச் சிறு பெட்டியைத் திருப்புவது. டி துண்டை மூன்றுக்கு மூன்று பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மேல் வரிசையின் நடுவில் ஒரு சதுரம், நடு வரிசை முழுக்க மூன்று சதுரங்கள், கீழ் வரிசை காலி. இதை வலப்புறமாக ஒரு கால் சுற்றுத் திருப்பினால் மேல் வரிசை வலது நிரலாக வேண்டும், நடு வரிசை நடு நிரலாக வேண்டும், கீழ் வரிசை இடது நிரலாக வேண்டும். இதற்குக் கோணக் கணக்கு எதுவும் தேவையில்லை. பழைய வரிசை எண் புதிய நிரலைத் தீர்மானிக்கிறது. பழைய நிரல் எண் அப்படியே புதிய வரிசை ஆகிறது.

```
def rotate(box):
    n = len(box)
    new = [[0] * n for _ in range(n)]
    for r in range(n):
        for c in range(n):
            new[c][n - 1 - r] = box[r][c]
    return new
```

எண்ணுவது 0இலிருந்து. டியின் முளை 0ஆம் வரிசை, 1ஆம் நிரலில் இருக்கிறது. அது 1ஆம் வரிசை, 2ஆம் நிரலுக்குப் போகிறது. அதாவது மேலே பார்த்த முளை இப்போது வலப்பக்கம் பார்க்கிறது. நடுச் சதுரம் 1, 1இல் இருந்தது, 1, 1இலேயே நிற்கிறது. அச்சாணி அதுதான்.

இந்த ஐந்தாறு வரியில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் பிழை, `n - 1 - r` என்பதற்குப் பதில் வெறும் `r` என்று எழுதிவிடுவது. வரிசையும் நிரலும் இடம் மாறும், திரும்பியதுபோலவும் தெரியும். ஆனால் நடந்தது சுழற்சி இல்லை, கண்ணாடியில் பார்த்ததுபோன்ற புரட்டல். டி துண்டை மட்டும் வைத்துச் சோதிப்பவர் ஏமாந்துபோவார், ஏனென்றால் டிக்கு இட வல வேறுபாடு கிடையாது; முளை வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் பார்ப்பதும், இரண்டாம் முறை பொத்தானை அழுத்தும்போது தலைகீழாகாமல் பழைய நிலைக்கே திரும்புவதும்தான் அறிகுறிகள். எஸ் துண்டை வைத்துச் சோதித்தால் குட்டு உடனே உடைந்துவிடும். ஒருமுறை திருப்பியதும் எஸ், நிமிர்ந்து நிற்கும் இசட் ஆகிவிடும். எல் ஜே ஆகிவிடும். பிழை தேடும்போது முதலில் எடுக்க வேண்டிய துண்டு எஸ்தான்.

நீளமான ஐக்கு நான்குக்கு நான்கு பெட்டி வேண்டும். அதற்கு நடுச் சதுரம் என்று ஒன்று இல்லாததால் திருப்பும்போது சற்று ஒதுங்கி நிற்பதுபோலத் தோன்றும், அது பிழையில்லை. ஓ துண்டைத் திருப்பத் தேவையே இல்லை.

பெட்டியைத் திருப்பியதும் வேலை முடிந்துவிடாது. திருப்பிய வடிவம் ஆடுகளத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நிரம்பிய ஒவ்வொரு சதுரமும் களத்துக்குள் இருக்க வேண்டும், அங்கே வேறு சதுரம் இருக்கக்கூடாது. இந்த இரண்டு கேள்விகளையும் இதே வரிசையில்தான் கேட்க வேண்டும். பைத்தான் மொழியில் -1ஆம் நிரல் என்று கேட்டால் பிழை என்று சொல்லாமல் கடைசி நிரலை எடுத்துக் கொடுத்துவிடும். எல்லையை முதலில் சோதிக்காத நிரலில், இடச் சுவரில் ஒட்டி நிற்கும் துண்டைத் திருப்பினால் அதன் ஒரு சதுரம் வலச் சுவரோரம் முளைக்கும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். காரணம் புரியும்வரை தூக்கம் வராது.

பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது? பழைய பதிப்புகள் பல, 1989இல் நின்டெண்டோ தன் வீட்டுக் கருவிக்கு வெளியிட்ட டெட்ரிஸ் உட்பட, திருப்பவே மறுத்துவிடும். வலப்பக்கம் பார்க்கும் டி இடச் சுவரை ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பெட்டியின் இடது நிரல் காலி, ஆகவே அந்த நிரல் களத்துக்கு வெளியே -1இல் கிடப்பதில் தவறில்லை. இப்போது முளை கீழே பார்க்கும்படி திருப்பினால் மூன்று சதுரங்கள் குறுக்காகப் படுக்க வேண்டும். அவை -1, 0, 1 நிரல்களில் விழும். -1 சுவருக்கு வெளியே. பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பழைய விதிப்படி பொத்தான் வேலை செய்யாது.

2001இல் வந்த டெட்ரிஸ் வேர்ல்ட்ஸ் வழியாகப் பரவிய புதிய விதி இங்கே விட்டுக்கொடுக்கிறது. இருந்த இடத்தில் பொருந்தவில்லையா, ஒரு கட்டம் நகர்த்திப் பார். அதுவும் இல்லையா, அடுத்த இடம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து இடங்கள் வரிசையாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மேற்சொன்ன டிக்கு அவை இவை: இருந்த இடம், வலப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மேலே இரண்டு, வலப்பக்கம் ஒன்று, மேலே இரண்டு. முதலில் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். சுவரோர டிக்கு இரண்டாவது இடமே போதும்: 0, 1, 2 நிரல்களில் படுத்துவிடுகிறது. ஆடுபவருக்குத் துண்டு சுவரை உதைத்து விலகியதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே ‘வால் கிக்’, சுவர் உதை.

பட்டியலில் ‘மேலே இரண்டு’ இருப்பது ஒரு வினையைக் கிளப்பிவிட்டது. துண்டு தரையைத் தொட்டவுடன் உறையாது. அரை நொடி அவகாசம் உண்டு. ஒவ்வொரு அசைவும் அந்த அவகாசத்தைப் புதுப்பித்தால், ஆடுபவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து துண்டைத் தரையில் காலவரையின்றிச் சுழலவிடலாம். டெட்ரிஸ் வேர்ல்ட்ஸில் அப்படித்தான் நடந்தது, குறையும் எழுந்தது. பின்னால் வந்த விதி, தரை தொட்டபின் அவகாசத்தைப் புதுப்பிக்கும் அசைவுகள் பதினைந்துதான் என்று கடிவாளம் போட்டது.

துண்டு உறைந்ததும் வரிசைகள் சோதிக்கப்படும். ஒரு வரிசையின் பத்துக் கட்டமும் நிரம்பியிருந்தால் அது மறையும். அதற்கு மேலே உள்ளவை எல்லாம் ஒரு படி இறங்கும். இறங்குவது வரிசைதான், தனித்தனிச் சதுரம் இல்லை. கீழே ஓட்டை இருந்தாலும் மேலே உள்ள சதுரம் அதற்குள் விழாது. அந்தரத்தில் தொங்குவதுபோல நிற்கும். மணல் போலக் கொட்டட்டும் என்று விதியை மாற்றிப் பார்த்த விளையாட்டுகளும் உண்டு, ஆனால் அப்போது ஓட்டைகள் தாமாகவே அடைபட்டு, தவறான அடுக்கலுக்குத் தண்டனையே இல்லாமல் போகிறது.

இங்கே நடக்கும் பிழை நுட்பமானது. வரிசைகள் மேலிருந்து 0 முதல் 19 வரை. நீளமான ஐ ஓர் ஒற்றைப் பள்ளத்தில் இறங்கி 16, 17, 18, 19 ஆகிய நான்கையும் நிரப்பிவிட்டது. நிரல் எழுதியவர் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். 19 நிரம்பியிருக்கிறது; நீக்கி, மேலே உள்ளதை இறக்குகிறார். பழைய 18 இப்போது 19இல் இருக்கிறது. ஆனால் சோதனை 18க்கு நகர்ந்துவிட்டது. அங்கே நிற்பது பழைய 17. அதை நீக்குகிறார். பழைய 16 இறங்கி 18இல் நிற்கிறது, சோதனையோ 17க்குப் போய்விட்டது. முடிவில் நான்கில் இரண்டு போய், இரண்டு முழு வரிசைகள் அடியில் அப்படியே கிடக்கின்றன. ஒற்றை வரிசை நீக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. அடுத்தடுத்த வரிசைகள் நிரம்பும்போதுதான் வெளிப்படும்.

நீக்கி நீக்கி இறக்குவதற்குப் பதிலாக, நிரம்பாத வரிசைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, குறைந்த எண்ணிக்கைக்குக் காலி வரிசைகளை மேலே வைத்துவிடுவது சுலபம். தவறு செய்ய இடமும் குறைவு.

```
rows = [row for row in board if 0 in row]
cleared = 20 - len(rows)
board = [[0] * 10 for _ in range(cleared)] + rows
```

கடைசி வரியை `[[0] * 10] * cleared` என்று சுருக்கத் தோன்றும். அப்படிச் சுருக்கினால் புது வரிசைகள் எல்லாம் உண்மையில் ஒரே வரிசைக்கு வைத்த பல பெயர்கள். அதில் ஒரு சதுரம் எழுதினால் இரண்டு மூன்று வரிசைகளில் ஒரே நேரத்தில் தெரியும்.

முறைவரிசையும் முக்கியம்: உறைதல், வரிசை நீக்கல், பிறகுதான் அடுத்த துண்டு. அடுத்த துண்டுக்கு மேலே இடம் இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. நீக்குவதற்கு முன்னாலேயே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், கடைசி நொடியில் வரிசை நிரப்பித் தப்பித்தவரையும் தோற்றவராக்கிவிடும்.

ஒரே துண்டால் அதிகபட்சம் நான்கு வரிசைகள் போகும், அதையும் செய்ய முடிந்தது ஐ மட்டுமே. அந்த 1989 பதிப்பில் தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40 புள்ளி, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. நான்கை ஒவ்வொன்றாக நீக்கினால் 160. சேர்த்து நீக்கினால் அதைப் போல ஏழரை மடங்கு. ஆகவே தேர்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு நிரலைக் காலியாக விட்டுக்கொண்டு ஐக்காகக் காத்திருப்பார்கள். தாயக்கட்டையை உருட்டி உருட்டி, தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவரின் நிலைதான். ஆனால் தாயத்தில் காத்திருந்தால் முறைதான் போகும். இங்கே அடுக்கு ஏறிக்கொண்டே வரும்.

எந்தத் துண்டு எப்போது வரும் என்பதை யார் முடிவு செய்வது? ஒவ்வொரு முறையும் ஏழு பக்கப் பகடை உருட்டுவதுபோல எண் எடுப்பது எளிய வழி. அதில் பாரபட்சம் துளியும் இல்லை. ஆனால் பகடைக்கு ஞாபகமும் இல்லை. அடுத்த பன்னிரண்டு துண்டுகளில் ஒரு ஐகூட வராமல் போகும் வாய்ப்பு ஏழில் ஆறு என்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறக்குறைய 16 விழுக்காடு. முப்பது துண்டுகளுக்கு ஐயே வராத வாய்ப்பும் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது; நீண்ட ஆட்டத்தில் இது கட்டாயம் ஒரு நாள் நடக்கும். எஸ்ஸும் இசட்டும் மாறி மாறி வந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் எழுபதாயிரம் துண்டுகளுக்குள் தோற்றே ஆக வேண்டும் என்று ஹெய்டி பர்கீல் என்ற கணிதவியலாளர் 1997இல் நிறுவினார்.

நின்டெண்டோ பதிப்பு ஒரு சிறு ஒட்டுப்போட்டது. எட்டு முகப் பகடைபோல ஓர் எண் எடுக்கும். எட்டாவது முகமோ முந்திய துண்டோ வந்தால், இன்னொரு முறை மட்டும் ஏழுக்குள் எடுத்து, வந்ததை ஏற்றுக்கொள்ளும். ஒரே துண்டு அடுத்தடுத்து வருவது ஏழில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் ஐக்கான வறட்சிக்கு இது மருந்தாகவில்லை. 1998இல் அரிக்கா நிறுவனத்தின் ‘கிராண்ட் மாஸ்டர்’ கடைசி நான்கு துண்டுகளை நினைவில் வைத்து, அவை வந்தால் திரும்ப எடுத்துப் பார்த்தது.

இன்று பரவலாக இருப்பது பை முறை. சீட்டுக் குலுக்கிப் போட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஏழு சீட்டில் ஏழு துண்டுகளின் பெயரை எழுதி, பையில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பது. எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. பை காலியானதும் ஏழையும் மறுபடி போட்டுக் குலுக்குவது. இதனால் கிடைக்கும் உறுதிகளை விரல்விட்டு எண்ணலாம். ஒரு பையில் ஐ முதலாவதாகவும் அடுத்த பையில் கடைசியாகவும் வந்தால் இடையில் ஆறும் ஆறும் பன்னிரண்டு துண்டுகள்; வறட்சி அதற்குமேல் நீளவே முடியாது. ஒரே துண்டு இரு முறை அடுத்தடுத்து வரலாம், மூன்றாம் முறை வராது. எஸ்ஸும் இசட்டும் மட்டுமே தொடர்ந்து வந்தால் அதிகபட்சம் நான்கு.

பையின் நேர்மை குலுக்கலைப் பொறுத்தது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் காகிதத்தில் செய்வதற்காக விவரித்த முறையின் கணினி வடிவம் இது:

```
for i in range(6, 0, -1):
    j = random.randint(0, i)
    bag[i], bag[j] = bag[j], bag[i]
```

கடைசி இடத்துக்கு ஏழு சீட்டில் ஒன்று தேர்வாகி அங்கேயே நிலைத்துவிடுகிறது. அதற்கு முந்திய இடத்துக்கு மீதி ஆறில் ஒன்று. இப்படியே ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. பெருக்கினால் 5040 வழிகள். ஏழு சீட்டை வரிசைப்படுத்தும் முறைகளும் 5040தான். ஒரு முறைக்கு ஒரு வழி, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

`randint(0, i)` என்பதை `randint(0, 6)` என்று எழுதி, ஏழு இடங்களுக்கும் ஏழில் ஒன்றாகவே எடுத்தால் இன்னும் நன்றாகக் கலக்கும் என்று தோன்றும். வழிகள் அப்போது ஏழை ஏழு முறை பெருக்கியது, அதாவது 823543. இது ஒற்றைப்படை எண். இரட்டைப்படையான 5040ஆல் மீதியில்லாமல் வகுபடாது. ஆகவே சில வரிசைகளுக்கு அதிக வழி, சிலவற்றுக்குக் குறைவு என்று ஆகியே தீரும். மூன்று சீட்டை வைத்துக் கையாலேயே பார்க்கலாம்: 27 வழிகள், ஆறு வரிசைகள், மூன்று வரிசைகளுக்கு ஐந்து ஐந்து வழி, மூன்றுக்கு நான்கு நான்கு.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எழுபதாயிரம் துண்டுகள் எடுத்து எண்ணினால் ஒவ்வொன்றும் சரியாகப் பத்தாயிரம் வரும், குலுக்கல் எவ்வளவு கோணலாக இருந்தாலும். குலுக்கவே மறந்துவிட்டாலும் வரும்! ஏழும் ஒரு பையில் ஒருமுறை வந்தே ஆக வேண்டும் என்பதால் இந்தச் சோதனை எதையும் சோதிப்பதில்லை. எண்ண வேண்டியது இடத்தை: எழுபதாயிரம் பைகளில் ஐ முதலாவதாக எத்தனை முறை, ஏழாவதாக எத்தனை முறை. ஒவ்வோர் இடத்துக்கும் பத்தாயிரத்தை ஒட்டிச் சற்று முன்பின்னாக வர வேண்டும். ஆனால் குலுக்கல் கோணலாக இருந்தும் இடக்கணக்கு மட்டும் சரியாக வர வாய்ப்புண்டு. சந்தேகம் தீராவிட்டால் 5040 வரிசைகளையும் தனித்தனியாக எண்ண வேண்டியதுதான்.

பை முறையிலும் ஒரு குறை சொல்லலாம். கணக்கு வைத்துக்கொள்பவருக்கு ஆறு துண்டுகள் வந்தபின் ஏழாவது எது என்று முன்கூட்டியே தெரியும். பகடைக்கு இருந்த திகில் கொஞ்சம் குறைந்ததென்னவோ உண்மை.

அடுத்து வரும் ஐந்து துண்டுகளைத் திரையோரத்தில் காட்டும் விளையாட்டுகளில் பையில் இரண்டே சீட்டு மீதமிருக்கும் நேரமும் வரும். அப்போது மீதியைக் கொட்டிவிட்டுப் புதுப் பை தொடங்கும் நிரல்களைக் காணலாம். கொட்டிய இரண்டில் ஐ இருந்தால், அடுத்த பையிலும் அது கொட்டப்படும் பகுதியில் மாட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு என்ற உறுதி அங்கேயே போய்விடும். மீதி இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, புதிதாகக் குலுக்கிய ஏழை அவற்றின் பின்னால் சேர்ப்பதே சரி. சரிபார்க்க, நிரலைச் சில லட்சம் துண்டுகள் எடுக்கவிட்டு இரண்டு ஐகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறித்துக்கொண்டே வந்தால் போதும். ஒரே ஒரு முறை 13 வந்தாலும் பையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.